நோட்டீஸில் எழுதும் மூன்று வரிகள்
அடுக்குமாடி வீடுகளுக்குத் துணி துவைத்துத் தரும் குழுக்களுக்கான பாடம்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் போய் வரும்போது நீங்களே பார்க்கிறீர்கள். முள்ளுச்செடி கிடந்த இடத்தில் எல்லாம் அடுக்குமாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன. ஒரே கேட்டுக்குள் நூறு குடும்பம், இருநூறு குடும்பம். புருஷன், பெண்சாதி இருவருமே காலையில் வேலைக்குக் கிளம்பி, இருட்டின பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். பால்கனிக்கு வெளியே துணி காயப்போடக் கூடாது என்று பல குடியிருப்புகளில் விதி வைத்திருக்கிறார்கள். அதனால் வீட்டுக்கே வந்து துணியை எடுத்துப்போய், துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தர யாராவது கிடைப்பார்களா என்று தேடுகிறார்கள்.

"துணி துவைக்கிறதுதானே, நாம வீட்டுல செய்யாததா? இதுக்கு என்ன பயிற்சி வேணும்?" என்று கூட்டங்களில் பல உறுப்பினர்கள் கேட்டார்கள். துவைக்க நமக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் நாம் பார்த்தவரையில் இந்தத் தொழிலில் அடி வாங்கிய குழுக்கள் துவைப்பதில் அடி வாங்கவில்லை. முதல் நாள் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய நோட்டீஸில் எழுதிய வரிகளில்தான் அடி வாங்கினார்கள். ஆகவே இந்த இதழில் அந்த நோட்டீஸைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

பூந்தமல்லி ஒன்றியத்தில் ஒரு குழு. ஐந்து உறுப்பினர்கள் சேர்ந்து 50,000 ரூபாய் கடன் வாங்கி, 8 கிலோ வாஷிங் மெஷின் ஒன்று, இஸ்திரிப் பெட்டி இரண்டு, கொடிக்கயிறு, பக்கெட், மேசை என்று வாங்கிவிட்டார்கள். திருவேற்காடு பக்கம் ஒரு குடியிருப்பின் செயலாளரிடம் அனுமதி வாங்கி, 2024 ஆகஸ்ட் மாதத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த நோட்டீஸ் இதுதான்:

"துணி துவைத்து இஸ்திரி போட்டுத் தரப்படும். எடுத்த 24 மணி நேரத்தில் திருப்பித் தரப்படும். எல்லா வகைத் துணிகளும் ஏற்கப்படும். எந்தத் துணியானாலும் ஒன்றுக்கு 10 ரூபாய் மட்டுமே."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நாமும் அன்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அக்கா, ஒட்டுங்க" என்றுதான் சொன்னோம். அந்தத் தப்பில் நமக்கும் பங்கு உண்டு.

முதல் நாள் மாலையே ஒன்பது வீட்டில் கூப்பிட்டு, 74 துணி கொடுத்துவிட்டார்கள். சந்தோஷமாக ஆட்டோவில் ஏற்றி வந்து பிரித்துப் பார்த்தால், அதில் பெட்ஷீட் 14, ஜீன்ஸ் பேண்ட் 11, கம்பளி போன்ற கனத்த போர்வை 2. மீதி 47 தான் சட்டை, சுடிதார் வகை. எந்தத் துணியானாலும் 10 ரூபாய் என்றால், வீட்டில் துவைக்கக் கஷ்டமான துணியைத்தானே முதலில் எடுத்துக் கொடுப்பார்கள்? நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

எத்தனை நாளில் திருப்பித் தருவோம்?

எட்டு கிலோ மெஷின் என்றால் எட்டு கிலோ திணிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. துணி உள்ளே புரள இடம் வேண்டும். கைக்கு ஒரு சாண் இடம் மேலே விட்டுப் போட்டால் சுமார் 6 கிலோதான் கொள்ளும். சட்டை, சுடிதார் மாதிரித் துணி என்றால் அதில் சுமார் 20 உருப்படி போகும். இரட்டைக் கட்டில் பெட்ஷீட் என்றால் எட்டு போட்டாலே நிறைந்துவிடும். அந்த 74 துணிக்கு ஆறு லோடு தேவைப்பட்டது. காலை 6 மணிக்குத் தொடங்கி, கடைசி லோடு வெளியே வர மதியம் 1 மணி ஆகிவிட்டது.

சட்டையெல்லாம் மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. ஜீன்ஸ் இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும் சாயங்காலம் 5 மணிக்கும் ஈரம். போர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. ஆகஸ்டில் நம் பக்கம் சாயங்கால மழை வருவது தெரிந்ததுதானே, அன்றைக்கும் வந்தது. அரைகுறை ஈரத்தில் இஸ்திரி போட்டு மடித்துக் கட்டிக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் மூன்று வீட்டிலிருந்து போன்: "ஏம்மா, துணியெல்லாம் வாடை வருது!"

ஈரம் இருக்கும் துணியை மடித்துக் கட்டினால் அதில் கிருமி பெருகித்தான் அந்த வாடை வருகிறது. மேலே இஸ்திரிச் சூடு பட்டிருந்தாலும் தையல் மடிப்புக்குள் ஈரம் நிற்கும். காய்ந்துவிட்டதா என்று துணியின் நடுவில் தொட்டுப் பார்த்தால் தெரியாது. சட்டையில் காலர், பேண்டில் இடுப்புப் பட்டை, பெட்ஷீட்டில் ஓரத் தையல், இந்த இடங்களைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. கை சொல்லாததைக் கன்னம் சொல்லிவிடும்.

அப்படியானால் எத்தனை நாள் என்று எழுதுவது? வேலையைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தோம். அந்த வீடுகளில் ஆள் இருப்பது மாலை 6 மணிக்கு மேல்தான். திங்கள் மாலை எடுக்கிறோம். அன்று இரவு எண்ணி, பிரித்து, அடையாளம் கட்டுகிறோம். செவ்வாய் காலை துவைக்கிறோம், பகல் முழுக்கக் காய்கிறது. புதன் காலை இஸ்திரி, மதியம் மடித்துக் கட்டுதல். புதன் மாலை கொண்டுபோகிறோம். ஆக 48 மணி நேரம். போகிற அதே ஆட்டோவில் அடுத்த துணியையும் எடுத்து வந்துவிடலாம் என்பது இதில் பெரிய லாபம். தனியாக ஒரு நடை இல்லை.

இந்தக் குழு இப்போது ஒரு குடியிருப்புக்குத் திங்கள், புதன், வெள்ளி என்றும், பக்கத்தில் இன்னொன்றுக்குச் செவ்வாய், வியாழன், சனி என்றும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஞாயிறு யாரும் மெஷினைத் தொடுவதில்லை. வெள்ளியன்று எடுத்தது திங்களும், சனியன்று எடுத்தது செவ்வாயும் போய்ச் சேரும்.

மழைக்காலத்துக்கு வேறு கணக்கு. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர் வரை நிச்சயமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பகுதியில் தெருக்களில் தண்ணீர் நின்றதும், மின்சாரம் இல்லாமல் கிடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அது மாதிரி நாட்களில் யாரும் துணி கேட்கப் போவதில்லை. சாதாரணமாகத் தூறிக்கொண்டே இருக்கும் நாட்கள்தான் தொல்லை. கூரைக்குக் கீழே மின்விசிறி வைத்துக் காயப்போட்டால் மெல்லிய துணிக்கு ஒரு பகலும் இரவும் ஆகும், கனத்த துணிக்கு இரண்டு நாள் ஆகும். அதனால் மழை நாளில் ஒரு முறை தள்ளிப்போகும் என்று நோட்டீஸிலேயே எழுதிவிட வேண்டும். பெட்ஷீட், ஜீன்ஸ் எடுப்பதை அந்த வாரம் நிறுத்திவிடலாம்.

மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 வரை இருக்கும், முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். அன்றைக்குத் துவைப்பதை விடியற்காலையிலும் இஸ்திரியை 2 மணிக்கு மேலும் வைத்துக்கொண்டால் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே சமாளித்துவிடலாம்.

எந்தத் துணியை வாங்குவோம்?

மூன்றாம் நாள் நடந்தது இன்னும் பெரிய கஷ்டம். புதுசாக ஒரு மெரூன் நிறப் பருத்தி டாப். அதை எடுத்த உறுப்பினர் மற்ற துணிகளோடு போட்டுவிட்டார். உள்ளே ஆறு வெள்ளைச் சட்டை இருந்தது. மெஷினைத் திறந்தபோது ஆறும் ரோஸ் நிறம்.

வெந்நீரும் வெயிலும் இஸ்திரிச் சூடும் சாயத்தை இறுக்கிவிடும் என்பதால், அந்தச் சமயத்தில் செய்யக்கூடாதது காயப்போடுவதுதான். நல்ல வேளை, அவர்கள் காயப்போடவில்லை. சாயம் விட்ட டாப்பை வெளியே எடுத்துவிட்டு, சட்டைகளை ஈரத்தோடே மறுபடியும் சோப்புத்தூளில் ஊறவைத்து அலசினார்கள். நான்கு சட்டை தெளிந்தது. மீதி இரண்டுக்குப் பாட்டிலில் போட்ட அளவுப்படி பிளீச்சிங் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊறவைத்தார்கள். ஒன்று தேறியது. இன்னொன்று தேறவில்லை, காசு கொடுக்க வேண்டி வந்தது. பிளீச்சிங் வெள்ளைப் பருத்திக்கு மட்டும்தான். பட்டு, கம்பளி, எலாஸ்டிக் போல இழுபடும் துணி இவற்றில் ஊற்றினால் மஞ்சளாகும், இழை நைந்தும் போகும்.

சாயம் போகுமா என்று முன்னாலேயே பார்க்கும் வழி ரொம்ப எளிது. துணியின் உள்பக்கத் தையல் ஓரத்தை நனைத்து, ஒரு துளி சோப்பு விட்டு, அதன்மேல் வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் துவைக்க வேண்டும். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு, கைத்தறி, புதுத் துணி எல்லாவற்றுக்கும் இதைச் செய்துவிடுங்கள். தையல் உள்ளே லேபிள் எதுவும் இல்லாத சேலைகளுக்கு இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

லேபிள் இருந்தால் படித்துவிடலாம். இங்கிலீஷ் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம், எல்லாம் படம்தான். சட்டையில் பக்கவாட்டுத் தையலின் உள்ளே, பேண்டில் இடுப்புக்கு உள்ளே இருக்கும். தொட்டி மாதிரிப் படம் தண்ணீரில் துவைப்பதைக் குறிக்கும். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும். முக்கோணம் பிளீச்சிங். இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, இரண்டு என்றால் நடுத்தரம், மூன்று என்றால் நல்ல சூடு. பருத்திக்கு மூன்று, பாலியஸ்டருக்கும் பட்டுக்கும் இரண்டு, நைலானுக்கு ஒன்று. உங்கள் இஸ்திரிப் பெட்டித் திருகிலும் பெரும்பாலும் இதே புள்ளிகள் இருக்கும், அதோடு பொருத்திப் பாருங்கள். எந்தப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தாலும் அதைச் செய்யக் கூடாது. வெறும் வட்டம் மட்டும் இருந்து, தொட்டியில் பெருக்கல் குறி போட்டிருந்தால் அது டிரை கிளீனிங் துணி. தண்ணீரே படக்கூடாது.

அந்தத் துணி நமக்கு வேண்டாம். ஜரிகைப் பட்டு, கோட்டு, கல் பாசி வேலை செய்த ஜாக்கெட், கல்யாண உடை, இவற்றையும் வாங்க வேண்டாம். டிரை கிளீனிங் கடைகளில் அதற்கென்றே மூடிய மெஷினும் மருந்தும் வைத்திருப்பார்கள். "பெட்ரோல்ல அலசினா அதே மாதிரி வந்துடும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி, தூரத்தில் இருக்கும் அடுப்பிலோ சுவிட்சிலோ பற்றிக்கொள்ளும். இருபது ரூபாய்த் துணிக்கு உயிரைப் பணயம் வைக்க முடியாது.

தண்ணீர் விஷயம் ஒன்று. நம் ஊர்களில் பல போர்வெல் தண்ணீரில் உப்பும், சிலவற்றில் இரும்பும் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் வெள்ளை மங்கிக்கொண்டே போகும். இரும்புத் தண்ணீரில் பிளீச்சிங் ஊற்றினால் வெள்ளையில் பழுப்புப் புள்ளி விழும், பிறகு எத்தனை பிளீச்சிங் ஊற்றினாலும் அது கூடுமே தவிர குறையாது. சோதிப்பதற்கு ஒரு வெள்ளைப் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் அடியில் செம்பழுப்பு வண்டல் தங்கியிருந்தால் அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் கூடாது. வெள்ளைத் துணிக்குக் கடைசி அலசலாவது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ செய்யலாம்.

குழம்புக் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும். பயந்து பிளீச்சிங்கைத் தேடாதீர்கள். மஞ்சளுக்கும் சோப்புக்கும் அப்படித்தான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும், இரண்டு நாள் வெயிலில் வெளுத்துவிடும். ரத்தக் கறைக்கு எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் இறுகிவிடும்.

ஒருவர் துணி இன்னொருவருக்குப் போகாமல் இருப்பதும் துணிப் பராமரிப்புதான். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் குறி போடுவார்கள். எத்தனை துவைப்புக்கும் அழியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அந்தக் குறியை வைத்து வீட்டைச் சொல்லிவிடுவார். அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்பளிக்கும், இன்றைக்கு வாடிக்கையாளரும் சம்மதிக்க மாட்டார். அதனால் வீட்டு எண் எழுதிய சின்ன நாடாத் துண்டுதான் வழி. நம் குழு முதலில் அதை ஊக்கால் குத்தினார்கள். ஈரத்தில் ஊக்கு துருப்பிடித்து, நான்கு துணியில் துருக்கறை. இப்போது பட்டன் ஓட்டை வழியாகவோ லேபிள் வழியாகவோ நூலால் கட்டுகிறார்கள்.

துணி வாங்கும்போது அவர்கள் கண் முன்னாலேயே எண்ணி, இரண்டு நகல் ரசீது எழுதுங்கள். பட்டன் இல்லை, காலரில் கறை, கிழிசல் என்று முன்பே இருப்பதை அதில் குறித்துவிட வேண்டும். பாக்கெட்டில் கை விட்டுப் பாருங்கள். காசு இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம். பேனா இருந்தால் ஒரு லோடு துணியைக் காப்பாற்றினீர்கள்.

ஒரு துணிக்கு எவ்வளவு?

பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது என்று குழுவைக் கேட்டோம். "வெளியில இஸ்திரிக்கு வாங்குறதப் பார்த்து, சும்மா ஒரு ரவுண்டா வச்சோம்" என்றார்கள். உட்கார்ந்து ஒரு நாள் கணக்கைப் போட்டோம். அவர்களால் ஒரு நாளில் நிதானமாகச் செய்ய முடிந்தது மூன்று லோடு, அதாவது சுமார் 60 உருப்படி.

சோப்புத்தூள் மூன்று லோடுக்கு 45 ரூபாய். மெஷின், மோட்டார், இஸ்திரி எல்லாம் சேர்ந்து ஏழு யூனிட் மின்சாரம், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 70. ஆட்டோ போய்வர 150. கட்டும் தாள், நாடா, ரசீதுப் புத்தகம் 40. மெஷினும் பெட்டியும் தேய்வதற்கும் ரிப்பேருக்கும் 40. கடன் வட்டி 20. ஆக 365 ரூபாய். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது என்பதால் வீட்டுக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எந்தக் கட்டணப் பிரிவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதுவரை நம் உழைப்பைச் சேர்க்கவே இல்லை. எண்ணிப் பிரிக்க 1 மணி நேரம், துவைத்துக் காயப்போட 4, இஸ்திரிக்கு உருப்படிக்கு ஆறு நிமிடம் என்று 6, மடித்துக் கட்ட 2, வீடு வீடாகப் போய்வர 3. மொத்தம் 16 மணி நேரம். 60 துணிக்கு பத்து ரூபாய் வீதம் 600 வந்தால், செலவு போக மீதி 235. பதினாறு மணி நேரத்துக்கு அதைப் பிரித்தால் மணிக்குப் பதினைந்து ரூபாய்கூடத் தேறவில்லை. இதைக் கரும்பலகையில் எழுதியதும் ஒருவரும் பேசவில்லை. பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர், "களை எடுக்கப் போயிருந்தா இதைவிட வந்திருக்குமே தம்பி" என்றார்.

மணிக்கு 50 ரூபாய் கூலி என்று வைத்தால் 16 மணிக்கு 800. செலவு 365. துணி கெட்டால் கொடுக்க உருப்படிக்கு ஒரு ரூபாய் ஒதுக்கி வைத்தால் 60. மொத்தம் 1,225. அறுபதால் வகுத்தால் உருப்படிக்கு 20 ரூபாய் 40 காசு. சட்டைக்கு 22 ரூபாய் என்று வைத்தார்கள்.

மற்றத் துணிகளுக்குச் சட்டையை அளவாக வைத்துக்கொண்டு பார்த்தோம். ஜீன்ஸ் மெஷினில் இரண்டரைச் சட்டை இடத்தைப் பிடிக்கிறது, காயவும் ஒரு பகல் கேட்கிறது, அதனால் 40 ரூபாய். இரட்டை பெட்ஷீட் மூன்று சட்டை இடம், மடிக்க இரண்டு ஆள், 50 ரூபாய். துண்டுக்கு இஸ்திரி இல்லை, 15 போதும். பருத்திச் சேலை 45, கஞ்சி போட்டால் 60. குழந்தைத் துணிக்கு எல்லோரும் 5 ரூபாய் என்று சொன்னார்கள். ஒரு பாவாடைச் சட்டையை இஸ்திரி போட்டுக் காட்டச் சொன்னோம். சுருக்கும் சின்னக் கையும் சேர்ந்து ஏழு நிமிடம் பிடித்தது! துணி சின்னது, வேலை சின்னது இல்லை. 15 ரூபாய் என்று முடிவானது.

அறுபது துணி வந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. முப்பதுதான் வந்தது என்றால் ஆட்டோச் செலவு மட்டுமே உருப்படிக்கு 5 ரூபாய் ஆகிவிடும். அதனால்தான் ஒரு வீட்டுக்குக் குறைந்தது 150 ரூபாய் வேலை இருந்தால் எடுப்போம் என்று வைத்தார்கள். இந்த விலைகள் அந்தக் குழுவின் தூரத்துக்கும் கூலிக்கும் போட்டது. நீங்கள் அப்படியே எழுதி ஒட்டிவிடாமல் உங்கள் ஆட்டோச் செலவையும் உங்கள் இஸ்திரி வேகத்தையும் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கேட் பக்கத்தில் பல வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. இஸ்திரி மட்டும் கேட்கிறவர்களை அவர்களிடமே அனுப்பிவிடுவது என்று குழுவில் தீர்மானம் போட்டார்கள். நமக்கு அந்தத் தீர்மானம் பிடித்தது. வேலை அதிகமான நாட்களில் அந்த வண்டிக்காரரே சட்டைக்கு இத்தனை என்று பேசி இவர்களுக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார்.

இனி இரண்டாவது நோட்டீஸ்:

"துணி துவைத்து இஸ்திரி போட்டுத் தருகிறோம். திங்கள், புதன், வெள்ளி மாலை 6 முதல் 8 வரை வருவோம். திங்கள் எடுத்தது புதனும், புதன் எடுத்தது வெள்ளியும், வெள்ளி எடுத்தது திங்களும் கிடைக்கும். மழை நாட்களில் ஒரு முறை தள்ளிப்போகலாம், முன்பே போனில் சொல்வோம்.

சட்டை, பேண்ட், சுடிதார் டாப் 22 ரூபாய். ஜீன்ஸ் 40. பெட்ஷீட் 50. துண்டு 15. குழந்தைத் துணி 15. பருத்திச் சேலை 45, கஞ்சியுடன் 60. வீட்டுக்குக் குறைந்தது 150 ரூபாய்.

பட்டு, ஜரிகை, கோட்டு, கல் வேலை, டிரை கிளீனிங் துணிகள் எடுப்பதில்லை. சாயம் போகும் துணியைத் தனியாகச் சொல்லிக் கொடுக்கவும். துணியை எண்ணி ரசீது பெற்றுக்கொள்ளவும். எங்களால் துணி கெட்டால் ஈடு தருவோம். குறை இருந்தால் இரண்டு நாளுக்குள் ரசீதுடன் சொல்லவும்."

ஈடு எவ்வளவு என்று பல லாண்டரி ரசீதுகளில் சலவைக் கூலியைப் போல் பத்து மடங்கு என்று அச்சடித்திருப்பார்கள். அப்படிப் போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவையில் குறை என்று வாடிக்கையாளர் புகார் செய்ய உரிமை உண்டு. அந்த ஒரு ரூபாய் ஒதுக்கீட்டைத் தனி உண்டியலில் போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

விலை கூடியதும் முதலில் கொடுத்த ஒன்பது வீட்டில் நான்கு வீடு நின்றுவிட்டது. பெட்ஷீட் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள் அவை. மீதி ஐந்தோடு தொடங்கி, பொங்கலுக்குள் இரண்டு குடியிருப்பிலும் சேர்த்து 31 வீடு ஆனது. ஒரு வீட்டம்மா சொன்னதைக் குழுவில் அடிக்கடி சொல்லிக்கொள்வார்கள்: "ரேட் கூடத்தான். ஆனா புதன்னா புதன் வந்துடுறீங்க."

ரசீதுப் புத்தகத்தின் மாதிரியும், ஒரு நாள் கணக்குப் போடும் தாளும் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். நோட்டீஸ் எழுதிய குழுக்கள் ஒட்டுவதற்கு முன்பு அதையும் உங்கள் கணக்குத் தாளையும் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.